டிபார்ட்மென்ட் பதில் சொல்லலையா? ஆம்பட்ஸ்பர்சன்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்களில் நிறைய பேர் ஒரே மாதிரி கேட்டிருந்தீங்க: "ப்ரோ, டிபார்ட்மென்ட்ல கம்ப்ளெய்ன்ட் கொடுத்து நாலு மாசம் ஆச்சு, ஒண்ணும் நடக்கல, அடுத்து யாருகிட்ட போறது?" எங்க வீட்டிலேயே இந்த விஷயம் நடந்து முடிஞ்சிருக்கு. அதனால இந்த எபிசோடு முழுக்க அதைத்தான் பேசப்போறேன்.

சம்பவம் நடந்தது 2024-ல். என் சித்தி பொண்ணு, பெரிய காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம். சித்தப்பா நெசவாளர், வீட்டிலேயே தறி. தங்கச்சி எம்.எஸ்சி முடிச்சது சென்னைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில். அதோட பெயரைச் சொல்லப்போறதில்லை, சொல்லாமலே விஷயம் புரியும்.

ஏப்ரல் 29 அன்னைக்கு அவளுக்கு ப்ராஜெக்ட் வைவா. போனாள், முக்கால் மணி நேரம் பேசினாள், வந்தாள். ஜூன் 21-ல் ரிசல்ட் வந்தப்போ எல்லா பேப்பரும் பாஸ், ப்ராஜெக்ட்டுக்கு நேரா மட்டும் AB. அதாவது ஆப்சென்ட். அடுத்த திங்கட்கிழமை, ஜூன் 24, ஹெச்.ஓ.டி-க்கு ஒரு லெட்டர் எழுதி ஆபீஸில் கொடுத்தாள். "பார்த்துக்கறோம்மா" என்றார்கள். ஜூலையில் போய்க் கேட்டால் "எக்ஸாம் செக்‌ஷனுக்கு அனுப்பியாச்சு." ஆகஸ்ட்டில் எக்ஸாம் செக்‌ஷனில் கேட்டால் "டிபார்ட்மென்ட்ல இருந்து எதுவும் வரலையே." செப்டம்பரில் "அடுத்த மீட்டிங்ல வைக்கிறோம்."

இதுக்கு நடுவில் அவளுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைச்சிருந்தது. சேரச் சொல்லிட்டாங்க, ஆனா டிசம்பர் 31-க்குள்ள கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் கொடுக்கணும்னு ஆஃபர் லெட்டரிலேயே நிபந்தனை. கொடுக்கலைன்னா ஆஃபர் ரத்து.

அக்டோபர் முதல் வாரம் நான் ஊருக்குப் போயிருந்தப்போதான் இது முழுசா என் காதுக்கு வந்தது. அவள் ஏற்கெனவே யூட்யூபில் பார்த்துட்டு ஒரு முடிவோட இருந்தாள். "அண்ணா, ஆம்பட்ஸ்பர்சன்னு ஒருத்தர் இருக்காராம், நேரா அவருக்கே மெயில் போட்டுடலாம்." சித்தப்பா அந்த ஜூன் மாசத்து லெட்டரோட நகலை வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணு கேட்டார்: "சொசைட்டியில ஜரிகை வாங்கினா கூட கையெழுத்து போட்டுத்தான் தர்றாங்க. இதுல கொடுத்ததுக்கு ஒரு சீல் கூட இல்லையேம்மா?"

இல்லைதான். அன்னைக்கு ராத்திரி நான் யூஜிசி விதிமுறையை உட்கார்ந்து படிச்சேன். பெயர் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள், 2023. ஏப்ரல் 2023-ல் அறிவிக்கப்பட்டது. சின்ன ஆவணம்தான், ஒரு மணி நேரத்தில் ரெண்டு தடவை படிச்சிடலாம். அதில் எனக்குக் கிடைச்ச முக்கியமான விஷயம்: அந்த விதிமுறையில் டிபார்ட்மென்ட் ஒரு கட்டமே இல்லை.

இதை நிதானமா சொல்றேன், ஏன்னா மாசக்கணக்கு வீணாப்போறது இங்கதான். இதுக்கு முந்தைய 2019 விதிமுறையில் துறை அளவில் ஒரு குழு, நிறுவன அளவில் ஒரு குழு, பல்கலைக்கழக அளவில் ஒரு குழுன்னு அடுக்கடுக்கா இருந்தது. 2023-ல் அதையெல்லாம் எடுத்துட்டு மாணவர் குறைதீர்ப்புக் குழு, எஸ்ஜிஆர்சி, என்ற ஒரே வகைக் குழுவைத்தான் வெச்சிருக்காங்க. ஒரு பேராசிரியர் தலைவர், நாலு பேராசிரியர்களோ மூத்த ஆசிரியர்களோ உறுப்பினர்கள், சிறப்பு அழைப்பாளரா ஒரு மாணவர். புகாரை அந்தக் குழுவின் தலைவருக்குத்தான் எழுதணும். அதுக்கு மேல குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்பர்சன். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ, ஓய்வுபெற்ற பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பதவியில் இருக்கலாம். இந்த விதிமுறையில் இருக்கற மத்த வழிகளையெல்லாம் மாணவர் பயன்படுத்தி முடிச்ச பிறகுதான் அவர் மேல்முறையீட்டைக் கேட்பார்.

இப்போ தங்கச்சியோட நிலைமையை இதுக்குள்ள வெச்சுப் பாருங்க. ஹெச்.ஓ.டி-க்குக் கொடுத்த லெட்டர் ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். விதிமுறையின் கண்ணில் புகார் இன்னும் பதிவே ஆகலை. மூணரை மாசம் காத்திருந்தும் எந்தக் கடிகாரமும் ஓட ஆரம்பிக்கலை. அந்த நிலையில் ஆம்பட்ஸ்பர்சனுக்கு மெயில் போட்டிருந்தா, "முதல்ல குழுவுக்குப் போங்க" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பியிருப்பாங்க. அது நியாயமான பதிலும்கூட.

அதனால அக்டோபர் 7, திங்கட்கிழமை, ரெண்டு வேலை பண்ணினோம். பல்கலைக்கழகத்தோட ஆன்லைன் குறைதீர்ப்பு போர்ட்டலில் புகாரைப் பதிவு பண்ணி டிக்கெட் நம்பரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோம். அதே புகாரை, அதே நாளில், எஸ்ஜிஆர்சி தலைவருக்கு மெயிலா அனுப்பி, பதிவாளருக்கு நகல் போட்டோம்.

ஏன் ரெண்டு? போர்ட்டலில் போட்டா, நிறுவனம் தன் கருத்தோட சேர்த்து 15 நாளுக்குள்ள குழுவுக்கு அனுப்பணும்னு ஒரு விதி. குழு, புகார் கிடைச்ச நாளிலிருந்து 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை கொடுக்கணும்னு இன்னொரு விதி. போர்ட்டலை மட்டும் நம்பினா, "குழு கைக்கு வந்ததே 22-ஆம் தேதிதான், அன்னைலிருந்து எண்ணுங்க" என்று சொல்ல இடம் இருக்கு. தலைவருக்கே நேரா மெயில் போயிட்டா ரெண்டாவது கடிகாரம் அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும். எங்க கணக்கில் இது பத்து நாள் வித்தியாசம்.

வேலை நாள் எண்றதையும் சொல்லிடறேன். ஆயுத பூஜை, விஜயதசமி, அடுத்து அக்டோபர் 15, 16 மழை விடுமுறை, தீபாவளி 31, மறுநாளும் லீவு. சனி ஞாயிறையும் கழிச்சா 15-ஆவது வேலை நாள் நவம்பர் 4-ல் வந்து விழுந்தது. நமக்குச் சாதகமா எண்ணாதீங்க, அவங்களுக்குச் சாதகமா எண்ணுங்க. "இன்னும் டைம் இருக்கே" என்ற ஒரு வரியில் உங்க லெட்டர் அடிபடக் கூடாது. இன்னொண்ணு, அந்த 15 நாள் கெடுவுக்கு முன்னாடி விதிமுறையில் 'கூடியவரை' என்ற பொருளில் ஒரு வார்த்தை இருக்கு. அதனால 16-ஆவது நாளே சட்டத்தை மீறிட்டாங்கன்னு சண்டைக்குப் போக முடியாது. தாமதம்னு காட்டலாம், அவ்வளவுதான்.

அடுத்து, புகாரில் என்ன எழுதினோம்ங்கறது. இங்க ஒரு பெரிய கதவு மூடிக்கிற ஆபத்து இருக்கு. மறுமதிப்பீடு, மறுகூட்டல் கேட்டு வர்ற மனுக்களை ஆம்பட்ஸ்பர்சன் எடுத்துக்க மாட்டார். முடிவையே பாதிக்கிற குறிப்பிட்ட முறைகேடோ, குறிப்பிட்ட பாரபட்சமோ காட்டினால்தான் எடுப்பார். தங்கச்சி முதலில் எழுதி வெச்சிருந்த ட்ராஃப்டில் "எனக்கு நல்ல மதிப்பெண் வந்திருக்க வேண்டும், நான் நன்றாகச் செய்தேன்" என்று ரெண்டு பாரா இருந்தது. அதை எடுத்துட்டோம். அவளோட பிரச்சினை மதிப்பெண் குறைவு இல்லை. வந்த ஆளை வரலைன்னு பதிவு பண்ணியிருக்காங்க. அதை மட்டும் சொன்னா போதும்.

அதுக்கு ஆதாரம்? வாட்ஸ்அப் க்ரூப்பில் வந்த வைவா டைம் லிஸ்ட் இருந்தது, ஆனா அது அவள் போனாள்ங்கறதுக்குச் சாட்சி இல்லை. வருகைப் பதிவுத் தாள் டிபார்ட்மென்ட் கையில். அப்புறம்தான் அவளோட பைண்ட் பண்ணின ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பீரோவிலிருந்து எடுத்தோம். ப்ராஜெக்ட் பண்ணின எல்லாருக்கும் தெரியும், முன்பக்கம் போனஃபைட் சர்டிஃபிகேட்னு ஒரு பக்கம் வரும். கீழே 'இந்தத் தேதியில் நடந்த வாய்மொழித் தேர்வுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதி, உள் தேர்வாளர், வெளித் தேர்வாளர் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவாங்க. அவள் பிரதியில் ரெண்டு கையெழுத்தும், 29.04.2024-ன்னு தேதியும் இருந்தது. ஆறு மாசமா துணிக்கு அடியில் கிடந்த பக்கம் அது.

உங்களுக்கு அப்படி ஒரு பக்கம் இல்லைன்னா, அரசுப் பல்கலைக்கழகமா இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். எழுத்துத் தேர்வுன்னா, தன்னோட விடைத்தாளைப் பார்க்கற உரிமை மாணவருக்கு உண்டுன்னு உச்ச நீதிமன்றம் 2011-லேயே, சிபிஎஸ்இ எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், சொல்லிடுச்சு. ஆனா அதுக்கு 30 நாள் கெடு, அதனால அந்த மனுவை முதல் நாளே போட்டுடுங்க.

நவம்பர் 4 வந்தது, போனது. போர்ட்டலில் டிக்கெட் 'பரிசீலனையில்' என்றே நின்னுச்சு. இப்போ சிக்கலான இடம். மேல்முறையீடுன்னா, குழுவின் முடிவு கைக்குக் கிடைச்ச 15 நாளுக்குள்ள போடணும். முடிவே வரலைன்னா எதுக்கு எதிரா மேல்முறையீடு? முடிவு சொல்லாமலே இருந்தா அந்த 15 நாள் தொடங்கவே தொடங்காது. கோட் எழுதறவங்களுக்குத் தெரியும், டைம்அவுட் வைக்காத ஒரு கால் பதில் வராம அப்படியே தொங்கிட்டு நிக்கறது மாதிரி.

விதிமுறையில் இதுக்கு ஒரு வரி இருக்கு. குழு கெடுவுக்குள்ள தீர்க்காத புகாரைப் பல்கலைக்கழகம் ஆம்பட்ஸ்பர்சனுக்கு அனுப்பி வைக்கலாம். கவனிங்க, அனுப்பி வைக்கறது பல்கலைக்கழகம், நீங்க இல்லை. அதுவும் 'வைக்கலாம்'தான், 'வைக்கணும்' இல்லை. எனக்கு இந்த வரி மேல கோபம்தான். தாமதம் பண்ணினவங்க கையிலேயே சாவியைக் கொடுத்தா எப்படி? ஆனாலும் இருக்கறதை வெச்சுத்தான் வேலை பார்க்கணும். அதனால நவம்பர் 6 அன்னைக்கு ஒரே கடிதத்தை ஆம்பட்ஸ்பர்சனுக்கும் பதிவாளருக்கும் சேர்த்தே எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதினது, தமிழில் இப்படி வரும்:

"29.04.2024 அன்று நடந்த ப்ராஜெக்ட் வாய்மொழித் தேர்வில் நான் கலந்துகொண்டேன். இரு தேர்வாளர்களும் கையெழுத்திட்ட பக்கம் இணைப்பு 1. 21.06.2024 அன்று வெளியான முடிவில் நான் வரவில்லை என்று பதிவாகியுள்ளது, இணைப்பு 2. 24.06.2024 அன்று துறைத் தலைவருக்கும், 07.10.2024 அன்று குறைதீர்ப்புக் குழுத் தலைவருக்கும் எழுதினேன், இணைப்பு 3 மற்றும் 4. 15 வேலை நாட்கள் கடந்தும் விசாரணைத் தேதியோ முடிவோ எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. நான் மறுமதிப்பீடு கோரவில்லை. பதிவாளர் அவர்கள் இப்புகாரைக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன். குறைதீர்ப்பாளர் அவர்கள் இதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டு, வருகைப் பதிவுத் தாளை வரவழைத்துப் பார்த்து, முடிவைத் திருத்தி வெளியிடத் தேதி குறித்து உத்தரவிட வேண்டுகிறேன். 31.12.2024-க்குள் மதிப்பெண் பட்டியல் கொடுக்காவிட்டால் என் பணி நியமனம் ரத்தாகும், இணைப்பு 5."

ஒரு பக்கம்தான். எந்தப் பேராசிரியர் எப்படிப் பேசினார், யார் கதவைச் சாத்தினார், எதுவும் இல்லை. அவளுக்கு அதையெல்லாம் எழுதணும்னு ரொம்ப ஆசை. ஆனா நிரூபிக்க முடியாததை எழுதக் கூடாது, ஏன்னா புகார் பொய்யானதுன்னு தெரிஞ்சா புகார் கொடுத்தவர் மேலேயே நடவடிக்கை எடுக்கச் சொல்லவும் ஆம்பட்ஸ்பர்சனால முடியும். கோரிக்கையில் 'தேதி குறித்து' என்ற வார்த்தை இருக்கு பாருங்க, அதை வேணும்னேதான் சேர்த்தோம். "விரைவில் திருத்தவும்"னு உத்தரவு வந்தா மறுபடி மூணு மாசம் அலையணும்.

நவம்பர் 8 அன்னைக்கு ஒரு வேடிக்கை. அதுவரைக்கும் பேச்சு மூச்சில்லாம இருந்த குழுவிடமிருந்து ரெண்டு வரி மெயில்: "தங்கள் புகாரை விரைந்து முடிக்குமாறு துறைக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது." டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' ஆயிடுச்சு. தங்கச்சிக்கு சந்தோஷம். எனக்கு இல்லை. இது ஒரு முடிவா, இல்லையா? முடிவுன்னா அன்னைலிருந்து 15 நாள் கடிகாரம் ஓடுது. நவம்பர் 23 தாண்டிட்டு "இன்னும் ஒண்ணும் ஆகலை"ன்னு போனா, "மேல்முறையீட்டுக் கெடு முடிஞ்சிடுச்சு"ன்னு சொல்லிடலாம். அதனால அதை முடிவாவே எடுத்துக்கிட்டோம். நவம்பர் 11-ல் ஆம்பட்ஸ்பர்சனுக்கு இன்னொரு சின்ன மெயில்: குழுவின் இந்த பதில் என் குறையைத் தீர்க்கவில்லை, நவம்பர் 6 கடிதத்தை இந்த முடிவுக்கு எதிரான மேல்முறையீடாகவும் ஏற்கவும். இந்த ஒரு மெயிலுக்குப் பிறகு, பதிவாளர் அனுப்பி வெச்சாலும் வைக்காட்டியும், அவள் நேரடியாவே உள்ளே நுழைஞ்சாச்சு. உங்களுக்கும் இப்படி 'தீர்க்கப்பட்டது'ன்னு வந்தா, தேதியைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

நவம்பர் 21 விசாரணை. நேரில் போகலாம், இல்லை ஒரு பிரதிநிதியை அனுப்பலாம், அவளே போனாள். நான் வெளியே பெஞ்சில். பதினைந்து நிமிஷம்கூட ஆகலை. ஆம்பட்ஸ்பர்சன் வருகைத் தாளைக் கேட்டார், அதில் அவள் கையெழுத்து இருந்தது. மதிப்பெண் தாளிலும் மதிப்பெண் இருந்தது. கம்ப்யூட்டரில் ஏத்தும்போது அவள் வரி விட்டுப்போயிருக்கு, காலியா இருந்த இடத்தை சிஸ்டம் AB-ன்னு எடுத்துக்கிச்சு. அஞ்சு மாசமா யாரும் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலை. 28-ஆம் தேதி காரணங்களோட எழுத்துப்பூர்வமான உத்தரவு, அவர் கையெழுத்தோட ஒரு நகல் அவளுக்கும் வந்தது. 15 நாளுக்குள்ள திருத்தணும்னு போட்டிருந்தார். மார்க் ஷீட் கைக்கு வந்தது டிசம்பர் 18, கெடுவைத் தாண்டித்தான்.

விசாரணையில் அவள் வாய்மொழியா இன்னொண்ணும் கேட்டாள், இத்தனை மாசம் அலைய விட்டவங்க மேல நடவடிக்கை. உத்தரவில் அதைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லை. அவளுக்கு அது இன்னும் உறுத்தல்தான். மாணவருக்கு உரிய நிவாரணம் கொடுக்கற பதவி அது, ஊழியர்களைத் தண்டிக்கிற பதவி இல்லைன்னு நான் சொன்னேன். "அது உங்களுக்குச் சரி அண்ணா"ன்னு சொல்லிட்டாள்.

சில கேள்விகளுக்குச் சுருக்கமா பதில் சொல்லிடறேன். இணைப்புக் கல்லூரியில் படிக்கிறவங்க: உங்க கல்லூரிக்குத் தனி ஆம்பட்ஸ்பர்சன் கிடையாது, எந்தப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சிருக்கோ அதோட ஆம்பட்ஸ்பர்சன்தான் உங்களுக்கும். குழு மட்டும் கல்லூரியில் இருக்கும். யுகே-வில் இருந்து கேட்ட தம்பிக்கு: இங்கிலாந்து, வேல்ஸில் ஓஐஏ-ன்னு பல்கலைக்கழகங்களுக்கு வெளியே ஒரு தனி அமைப்பு இருக்கு. அங்க போறதுக்கு முன்னாடி பல்கலைக்கழகத்திடமிருந்து 'கம்ப்ளீஷன் ஆஃப் ப்ரொசீஜர்ஸ்' லெட்டர் வாங்கணும், அந்தத் தேதியிலிருந்து 12 மாசம் டைம். இங்க 15 நாள், அங்க 12 மாசம், என்னத்தச் சொல்ல.

கடைசியா, "எங்க யூனிவர்சிட்டி வெப்சைட்ல ஆம்பட்ஸ்பர்சன் பேரே இல்லையே"ன்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. அப்படியும் இருக்கும். 2024 ஜூனில் யூஜிசி வெளியிட்ட பட்டியலில் ஆம்பட்ஸ்பர்சனை நியமிக்காத பல்கலைக்கழகங்கள் 157. அப்போ அதே ஒரு பக்கக் கடிதத்தைப் பதிவாளருக்கே அனுப்புங்க. ஆம்பட்ஸ்பர்சனோட பெயரும் முகவரியும் எழுத்துப்பூர்வமா கொடுங்கன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க. பதில் வரலைன்னா அந்தக் கடிதத்தோட நகலை இணைச்சு யூஜிசி-யின் இ-சமாதான் போர்ட்டலில் போடுங்க. அங்க போடும்போது உங்க மார்க் ஷீட் கதையை முன்னாடி வைக்காதீங்க. 'இந்த நிறுவனத்தில் 2023 விதிமுறைப்படி ஆம்பட்ஸ்பர்சன் இல்லை' என்பதுதான் முதல் வரியா இருக்கணும், ஏன்னா அவங்க நிறுவனத்தைக் கேள்வி கேட்கக்கூடிய விஷயம் அதுதான். உங்க கதை இணைப்பில் போகட்டும்.